அந்த 420 யூரோ எத்தனை ரூபாய்?

கோயம்புத்தூரில் இயந்திர உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்வோம். புதிதாக வாங்கப்போகும் இயந்திரத்தை ஓட்டிப் பார்ப்பதற்காக அதன் பொறியாளர் ஒருவர் 2024 மார்ச் 25-ஆம் தேதி ஜெர்மனிக்குக் கிளம்புகிறார். பாதி வேலை முடிவதற்குள் ஈஸ்டர் விடுமுறை வந்துவிடுகிறது. வெள்ளி முதல் திங்கள் வரை அந்த ஊர் ஆலை திறக்காது. மீதி வேலையை ஏப்ரல் 2-ஆம் தேதி முடித்து, 3-ஆம் தேதி ஊர் திரும்புகிறார். ஒரு வாரம் கழித்து, பில்களைப் பின் அடித்து, எக்செல் தாளில் செலவுக் கணக்கு எழுதி அக்கவுண்ட்ஸ் பிரிவுக்கு அனுப்புகிறார்.

அதில் ஒரு வரி: ஹோட்டல், மார்ச் 30, 420 யூரோ.

சரிபார்க்கும் கணக்கர் முதலில் இந்திய குறிப்பு விகிதத்தைத் திறந்து பார்க்கிறார். அதன்படி 37,891 ரூபாய் 48 காசு. பொறியாளர் கையில் கொண்டுபோன ரொக்க யூரோவின் விலையில் கணக்கிட்டால் 38,877 ரூபாய் 85 காசு. அவருடைய கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்டில் இருப்பதோ 39,492 ரூபாய் 34 காசு. பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் இடையே 1,600 ரூபாய் இடைவெளி. மூன்றில் எதிலும் கூட்டல் பெருக்கல் பிழை கிடையாது.

(பொறியாளரும் பில்களும் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. தேதிகளும் விடுமுறைகளும் குறிப்பு விகிதமும் நிஜம்.)

"அன்னைக்கு ரேட் என்னவோ அதைப் போட வேண்டியதுதானே?" என்று கேட்கத் தோன்றும். பல அலுவலகங்களின் பயண விதிகளிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். ஆனால் ஒரே செலவுக்கு எத்தனை "அன்னைக்கு" இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும். அறையைப் பதிவு செய்த நாள் ஒன்று. யூரோ வாங்கிய நாள் ஒன்று. கார்டைத் தேய்த்த நாள் ஒன்று. அந்தத் தொகை வங்கிக் கணக்கில் ஏறிய நாள் ஒன்று. ஊருக்கு வந்து கணக்கு எழுத உட்கார்ந்த நாள் இன்னொன்று. ஒவ்வொரு நாளிலும் யூரோவுக்கு வேறு விலை.

ஆகவே அனுபவமுள்ள கணக்கர் தேதியிலிருந்து தொடங்குவதில்லை. இந்தச் செலவு எந்தப் பணத்தில் போனது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் எந்தத் தேதி என்பது தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் ரொக்கம். பொறியாளர் கிளம்புவதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, மார்ச் 22 அன்று, அந்நியச் செலாவணி மாற்றும் கடையில் 500 யூரோ வாங்கினார். கடைக்காரர் போட்ட விலை யூரோவுக்கு 92.40 ரூபாய். ஆக 46,200 ரூபாய். இதற்குமேல் ஜிஎஸ்டி உண்டு. பணம் மாற்றும்போது மொத்தத் தொகைக்கு வரி போடுவதில்லை. ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் தொகையில் 1 சதவீதத்தை, அது 250 ரூபாய்க்குக் குறைந்தால் 250 ரூபாயை, சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு அதற்கு மட்டும் 18 சதவீதம் வரி கணக்கிடுவது பரவலான முறை. இங்கே 462 ரூபாய்க்கு 83 ரூபாய் 16 காசு. மொத்தம் 46,283 ரூபாய் 16 காசு கொடுத்து 500 யூரோ கைக்கு வந்தது. ஒரு யூரோவின் அடக்க விலை 92.5663.

அந்தப் பணத்திலிருந்து 27-ஆம் தேதி டாக்சிக்குக் கொடுத்தாலும் 2-ஆம் தேதி காபிக்குக் கொடுத்தாலும் விலை அதேதான். நடுவில் சந்தையில் யூரோ ஏறியதோ இறங்கியதோ பையில் இருக்கும் நோட்டின் அடக்கத்தை மாற்றாது. கடலை மூட்டை வாங்கி வைத்த வியாபாரி, விற்கும் நாளின் மண்டி விலையை அடக்கமாக எழுதமாட்டார் அல்லவா? அதே கணக்குதான்.

முன்பணம் ஏற்றிக் கொடுக்கும் ஃபாரெக்ஸ் கார்டுக்கும் இது பொருந்தும். ஆனால் நடுவில் ஒருமுறை மறுபடி பணம் ஏற்றினால் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. முதலில் 1,000 யூரோ 92.07 ரூபாய் அடக்கத்தில், பிறகு 400 யூரோ 91.30 ரூபாயில் என்று வைத்துக்கொள்வோம். பலர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 91.685 என்று எழுதிவிடுவார்கள். மொத்த ரூபாயை மொத்த யூரோவால் வகுத்தால் வருவது 91.85. அதுதான் சரி. 1,400 யூரோவுக்கு இந்தப் பிழை 231 ரூபாயைப் பொறியாளரின் பையிலிருந்து எடுத்துவிடும்.

கிரெடிட் கார்டு வேறு கதை. ஹோட்டல் பில் அப்படித்தான் கட்டப்பட்டது. கார்டைத் தேய்த்தது சனிக்கிழமை, மார்ச் 30. ஆனால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற வலையமைப்புகள் தேய்த்த நொடியின் விகிதத்தில்தான் பணத்தை மாற்றும் என்று சொல்ல முடியாது. கடைக்காரரின் வங்கி கணக்கை அனுப்பி, அது வலையமைப்பில் முடிக்கப்படும் நாளின் விகிதமே பெரும்பாலும் பொருந்தும். அது அடுத்த நாளாகவும் இருக்கலாம், நீண்ட விடுமுறைக்குப் பிறகு மூன்று நான்கு நாள் கழித்தும் இருக்கலாம். தேய்த்தவுடன் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் இருக்கும் ரூபாய்த் தொகை தற்காலிகமானது. அதைப் படம் பிடித்து ஆதாரமாக ஒட்டுகிறவர்கள் உண்டு. ஸ்டேட்மென்ட் வரும்போது எண் மாறியிருக்கும்.

நம் கணக்கில் வலையமைப்பின் விகிதம் 90.30 என்று கொள்வோம். 420 யூரோவுக்கு 37,926 ரூபாய். அதன்மேல் கார்டு கொடுத்த வங்கி மார்க்அப் என்ற பெயரில் ஒரு சதவீதம் எடுக்கும். இந்தியாவில் பல கார்டுகளில் அது 3.5 சதவீதம். இங்கே 1,327 ரூபாய் 41 காசு. அந்த மார்க்அப்புக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 238 ரூபாய் 93 காசு. எல்லாம் சேர்ந்து 39,492 ரூபாய் 34 காசு. பொறியாளரின் வங்கிக் கணக்கிலிருந்து உண்மையில் போன பணம் இதுதான். மூன்று விடைகளில் ஹோட்டல் வரிக்குச் சேரவேண்டியதும் இதுதான்.

அப்படியானால் குறிப்பு விகிதம் எதற்கு? அது செலவின் விலையைச் சொல்லும் எண் என்று நினைப்பதால்தான் குழப்பம் வருகிறது. அது ஓர் அளவுகோல். ரூபாய்க்கு எதிராக டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகியவற்றின் குறிப்பு விகிதத்தை முன்பு ரிசர்வ் வங்கி வெளியிட்டு வந்தது. 2018 ஜூலை முதல் எஃப்பிஐஎல் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நிறுவனம் வங்கிகளுக்கிடையே நடந்த உண்மையான வியாபாரத்தை வைத்துக் கணக்கிட்டு, வேலைநாட்களில் பிற்பகல் 1.30 மணி வாக்கில் வெளியிடுகிறது. அந்த விலையில் பொதுமக்கள் யாருக்கும் யூரோ கிடைக்காது. மண்டியின் மொத்த விலைக்கும் தெருமுனைக் கடை விலைக்கும் உள்ள வேறுபாடு அதற்கும் உண்டு. ஐரோப்பிய மத்திய வங்கியும் தினமும் யூரோவுக்கான விகிதங்களை, ரூபாய் உட்பட, வெளியிடுகிறது. அது தகவலுக்காக மட்டுமே என்று அந்த வங்கியே சொல்கிறது. இரண்டும் நாளின் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்படுவதால் ஒரே நாளின் யூரோ-ரூபாய் விலை இரண்டிலும் சில காசு மாறியிருக்கும். கம்பெனி ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே பார்க்க வேண்டும். இங்கே ஒரு நாள் அங்கே ஒரு நாள் என்று எடுத்தால் அளவுகோலே ஆடத் தொடங்கிவிடும்.

இந்த அளவுகோலை வைத்து அக்கவுண்ட்ஸ் மேடம் செய்யும் சோதனை மிக எளியது. செலவுக் கணக்கில் பக்கத்திலேயே மூன்று பத்திகள் கூடுதலாகப் போடுகிறார். பொறியாளர் கேட்ட ரூபாயை பில்லில் இருக்கும் யூரோவால் வகுத்தால் அவர் நடைமுறையில் பயன்படுத்திய விகிதம் தெரியும். அது முதல் பத்தி. அந்தத் தேதியின் குறிப்பு விகிதம் இரண்டாவது. முதலாவது இரண்டாவதைவிட எத்தனை சதவீதம் கூட அல்லது குறைவு என்பது மூன்றாவது. அவருடைய கண் முழுக்க இந்த மூன்றாவது பத்தியில்தான் இருக்கும். ஒவ்வொரு தவறும் அதில் தனக்கென்று ஓர் அடையாளத்தை விட்டுச் செல்கிறது.

ஹோட்டல் வரியில் 39,492.34 ரூபாயை 420-ஆல் வகுத்தால் 94.03. குறிப்பு விகிதம் 90.2178. வித்தியாசம் 4.2 சதவீதம். மார்க்அப் 3.5, அதற்கு ஜிஎஸ்டி 0.63, இரண்டும் சேர்ந்தாலே 4.13 சதவீதம். மிச்சம் வலையமைப்பு விகிதத்துக்கும் நம் விகிதத்துக்கும் உள்ள சிறு இடைவெளி. கார்டில் கட்டிய பில்லுக்கு 4 சதவீதத்தை ஒட்டிய வித்தியாசம் வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. அதே கார்டு பில்லுக்கு வெறும் 0.1 சதவீதம் வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். சில வங்கிகள் மார்க்அப்பையும் வரியையும் ஸ்டேட்மென்டில் தனித்தனி வரிகளாக, சில நேரம் அடுத்த நாள் தேதியில் காட்டும். பொறியாளர் முதல் வரியை மட்டும் பார்த்து எழுதியிருப்பார். அவருக்கு வரவேண்டிய 1,566 ரூபாய் விட்டுப்போயிருக்கும்.

ரொக்கச் செலவுகளில் 2.6 சதவீதம் வர வேண்டும். பொறியாளரின் தாளில் 38 யூரோ டாக்சி வரிக்கு வித்தியாசம் சரியாகப் பூஜ்யம்.

"சார், இந்த டாக்சிக்கு 90.2178 போட்டிருக்கீங்களே, கார்டுல குடுத்தீங்களா?"

"இல்லீங்க மேடம், கையில இருந்த காசுதான். ரிசர்வ் பேங்க் ரேட்டையே போட்டுட்டா கேள்வி வராதுன்னு நெனச்சேன்."

கேள்வி வந்ததே அதனால்தான். அவர் 3,428 ரூபாய் 28 காசு கேட்டிருந்தார். அந்த 38 யூரோவின் அடக்கம் 3,517 ரூபாய் 52 காசு. சரிபார்ப்பது என்றால் வெட்டுவது என்று பல இடங்களில் ஒரு நினைப்பு இருக்கிறது. இந்த வரியில் 89 ரூபாயைக் கூட்டிக் கொடுப்பதுதான் சரிபார்ப்பு.

இன்னொரு வரி, இரவு உணவு 64 யூரோ, கேட்டிருப்பது 6,150 ரூபாய். யூரோவுக்கு 96.09. வித்தியாசம் 6.5 சதவீதம். இது சாதாரண கார்டு வித்தியாசம் அல்ல. பில்லுடன் கார்டு இயந்திரம் கக்கிய சீட்டு இருந்தால் அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். யூரோத் தொகைக்குக் கீழே ரூபாய்த் தொகையும் அச்சாகி, வாடிக்கையாளர் தன் நாட்டுப் பணத்தில் கட்டச் சம்மதித்தார் என்று ஒரு வாசகம் இருக்கும். வெளிநாட்டுக் கடைகளில் கார்டைச் செருகியதும் இயந்திரம் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்கும். தெரிந்த பணம் என்று ரூபாயைத் தொட்டுவிட்டால், மாற்றும் வேலையை நம் வங்கி செய்யாமல் அந்தக் கடையின் பக்கமிருக்கும் நிறுவனம் செய்து, தன் லாபத்தையும் சேர்த்துக்கொள்ளும். ரூபாயில் கட்டியும், வெளிநாட்டுக் கடை என்பதற்காக இங்குள்ள சில வங்கிகள் தனிக் கட்டணம் போடுவதும் உண்டு. பணம் போனது உண்மை. ஆகவே கம்பெனி அதைக் கொடுக்கும். அடுத்த முறை யூரோவைத் தொடுங்கள் என்று பொறியாளரிடம் சொல்வதோடு விஷயம் முடியும்.

வித்தியாசம் சதவீதத்தில் இல்லாமல் மடங்கில் வந்தால் அது வேறு வகை. ஜப்பான் போனவர்களின் கணக்கில் இது வரும். நம் குறிப்பு விகிதத்தில் யென்னுக்கு 100 யென்னின் விலை தரப்படுகிறது. அதை ஒரு யென்னின் விலை என்று எடுத்தால் நூறு மடங்கு. பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்தாலும் எண் தாறுமாறாகப் போகும். இவை உடனே கண்ணில் படும், ஆபத்தில்லாதவை. ஆபத்து 1 சதவீதத்துக்கும் 3 சதவீதத்துக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும் தேதிப் பிழைகளில்தான்.

ஈஸ்டர் வாரத்துக்கு வருவோம். 2024 மார்ச் 25 திங்கள், ஹோலி. மார்ச் 29 புனித வெள்ளி. அடுத்து சனி, ஞாயிறு. ஏப்ரல் 1 திங்கள், வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு. எனவே மார்ச் 28 வியாழன் அன்று வந்த விகிதத்துக்குப் பிறகு ஏப்ரல் 2 வரை புதிய விகிதம் கிடையாது. ஐரோப்பிய மத்திய வங்கியும் புனித வெள்ளிக்கும் ஈஸ்டர் திங்களுக்கும் விகிதம் வெளியிடுவதில்லை. வியாழன் அன்று யூரோ 90.2178 ரூபாய். நிதியாண்டின் கடைசி விகிதமும் அதுவே என்பதால் அந்த ஆண்டு மார்ச் 31 கணக்கை முடித்த ஆடிட்டர்களுக்கு இந்த எண் மனப்பாடமாகியிருக்கும்.

விடுமுறை நாளின் செலவுக்கு முந்தைய வேலைநாளின் விகிதமா, அடுத்த வேலைநாளின் விகிதமா? முந்தையதை எடுப்பதுதான் பரவலான வழக்கம். செலவு செய்த நேரத்தில் கடைசியாகத் தெரிந்திருந்த விலை அதுதான் என்பது அதற்குக் காரணம். ஆனால் இது இயற்கை விதியல்ல. கம்பெனியின் பயண விதியில் ஒரு வரியாக எழுதி வைக்கவேண்டிய முடிவு. எழுதி வைக்காத இடங்களில் ஒருவர் வியாழனையும் ஒருவர் செவ்வாயையும் எடுத்து, ஒரே ஹோட்டலில் ஒரே இரவு தங்கிய இருவருக்கு இரண்டு தொகை வரும். பிறகு கேன்டீனில் அதைப் பற்றித்தான் பேச்சு.

எக்செல்லில் இதைத் தானாகச் செய்ய வைக்கலாம். `rates` என்ற தாளில் முதல் பத்தியில் தேதி, இரண்டாவதில் விகிதம் இருந்தால்:

```
=XLOOKUP(A2, rates!A:A, rates!B:B, "", -1)
```

கடைசியில் உள்ள `-1` தான் வேலையைச் செய்கிறது. அந்தத் தேதி பட்டியலில் இல்லாவிட்டால் அதற்கு முந்தைய தேதியின் விகிதத்தை எடுத்துவரும். மார்ச் 30-க்கு மார்ச் 28-இன் விகிதம் தானாக வந்துவிடும். வசதியான சூத்திரம்தான், கொஞ்சம் அப்பாவியும்கூட. விகிதப் பட்டியலை மார்ச் 28 வரைக்கும்தான் யாரோ ஒட்டியிருக்கிறார்கள் என்றால், ஏப்ரல் 15-ஆம் தேதிச் செலவுக்கும் அது சத்தமில்லாமல் மார்ச் 28-ஐயே கொடுக்கும். பிழை என்று சிவப்பாக எதுவும் வராது. அதனால் பக்கத்தில் இன்னொரு பத்தியில் எந்தத் தேதியின் விகிதம் எடுக்கப்பட்டது என்பதையும் கொண்டுவர வேண்டும்:

```
=XLOOKUP(A2, rates!A:A, rates!A:A, "", -1)
```

செலவுத் தேதிக்கும் இதற்கும் ஐந்து நாளுக்குமேல் இடைவெளி தெரிந்தால் பட்டியலைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இதற்கும் முன்னால் ஒரு படி உண்டு. தேதி உண்மையிலேயே தேதியா என்பது. ஜெர்மன் பில்லில் தேதி 02.04.2024 என்று புள்ளி வைத்து அச்சாகியிருக்கும். அது ஏப்ரல் 2. கணினி அமெரிக்க முறையில் அமைக்கப்பட்டிருந்தால் எக்செல் இதைத் தேதியாக ஏற்காது, எழுத்தாக வைத்துக்கொள்ளும். பொறுமை இழந்தவர் புள்ளியை எல்லாம் சாய்கோடாக மாற்றுவார். உடனே 02/04/2024 பிப்ரவரி 4 ஆகிவிடும். 28/03/2024 மட்டும் பழையபடி எழுத்தாகவே நிற்கும், ஏனென்றால் 28-ஆம் மாதம் என்று ஒன்று இல்லை. பத்தியைப் பார்த்தாலே தெரியும்: எழுத்தாக நின்றவை இடது ஓரத்திலும், தேதியாக மாறியவை வலது ஓரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே பத்தியில் இரண்டு பக்கமும் எண்கள் கட்சி பிரிந்து நின்றால், மாதத்தின் முதல் 12 நாட்களின் செலவுகள் எல்லாம் தவறான மாதத்தின் விகிதத்தில் மாற்றப்பட்டிருக்கும் என்று அர்த்தம். அந்தப் பில்களில் 64,00 என்று இருப்பது 64 யூரோ என்பதையும், 1.250,00 என்பது ஆயிரத்து இருநூற்று ஐம்பது என்பதையும் இதே மூச்சில் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ரயில் டிக்கெட் தரும் தொல்லை வேறு. பொறியாளர் மார்ச் 8-ஆம் தேதியே கார்டில் டிக்கெட் வாங்கியிருந்தார். டிக்கெட்டில் பெரிய எழுத்தில் இருப்பது பயணத் தேதி, மார்ச் 27. கணக்கில் அவர் எழுதியதும் அதையே. பணம் போன தேதி ஸ்டேட்மென்டில்தான் இருக்கிறது. முன்கூட்டியே பதிவு செய்யும் விமானம், ரயில், ஹோட்டல் மூன்றுக்கும் பில்லின் முகத்தில் இருக்கும் தேதியை நம்பக் கூடாது.

திரும்பி வந்த பணத்துக்கும் தேதி உண்டு. ஹோட்டல் முன்வைப்பாக 100 யூரோவைக் கார்டில் எடுத்து, பிறகு முழுசாகத் திருப்பிக் கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். எடுத்தபோது மார்க்அப்பும் வரியும் சேர்த்து 9,402 ரூபாய் 94 காசு போயிற்று. திருப்பி வந்த நாளில் வலையமைப்பின் விகிதம் 89.80, வங்கி மார்க்அப்பைத் திருப்பவில்லை. வரவு 8,980 ரூபாய். யூரோவில் பார்த்தால் பூஜ்யம், ரூபாயில் 422 ரூபாய் 94 காசு நஷ்டம். பொறியாளர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளையும் எழுதாமலே விட்டுவிடுவார்கள், பணம்தான் திரும்பி வந்துவிட்டதே என்று.

இதுவரை சொன்னதெல்லாம் விலை அமைதியாக இருக்கும் காலத்துக்கு. ஒரு பயணத்துக்குள் யூரோ ஒன்று இரண்டு சதவீதம் ஆடும், அவ்வளவுதான். அப்படிப்பட்ட காலத்தில் மாதத்துக்கு ஒரே விகிதம் என்று வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஐ.நா. அமைப்புகள் தம் கணக்குக்கு மாத விகிதம் வைத்திருக்கின்றன, தேவைப்பட்டால் நடுவிலும் மாற்றுகின்றன. இந்தியக் கணக்கியல் தரநிலை இந்த் ஏஎஸ் 21-உம் நடவடிக்கை நாளின் விகிதத்தையே கேட்டாலும், நடைமுறைக்காக ஒரு வாரத்தின் அல்லது மாதத்தின் சராசரியை அனுமதிக்கிறது. விலை பெரிதாக ஆடினால் அந்தச் சலுகை கிடையாது என்ற நிபந்தனையோடுதான்.

பெரிதாக ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் கொழும்பில் ஒரு அமெரிக்க டாலர் இலங்கை ரூபாயில் 200-ஐ ஒட்டி நின்றது. பல மாதங்களாகவே அது அங்கே பிடித்து நிறுத்தப்பட்டிருந்தது. மார்ச் 7-ஆம் தேதி, 230-க்கு மேற்படாத அளவில் விலை மாற அனுமதிப்பதாக இலங்கை மத்திய வங்கி அறிவித்தது. அந்த எல்லை சில நாள்கூட நிற்கவில்லை. மாதக் கடைசியில் டாலர் 290-ஐத் தாண்டியிருந்தது.

சென்னையிலிருந்து டாலர் கொண்டுபோன ஒருவர் அந்த மாதம் கொழும்பில் 45,000 இலங்கை ரூபாய்க்கு ஹோட்டல் பில் கட்டியிருந்தால்? மாதத் தொடக்க விலையான 200-இல் அது 225 டாலர். மாதக் கடைசியில் டாலருக்கு 290 வாங்கி மாற்றியவருக்கு அது 155 டாலர்தான். கம்பெனி மாதத்துக்கு ஒரே விகிதம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால், ஒரே பில்லில் 70 டாலர் அவருக்கு லாபம். அவர் ஏமாற்றவில்லை, விதியின்படிதான் எழுதினார். இலங்கை ரூபாய்க்கு எஃப்பிஐஎல்லின் பட்டியலில் அப்போது இடமில்லை. ஆகவே இலங்கை ரூபாயை டாலராக்கி, டாலரை இந்திய ரூபாயாக்கி இரண்டு படியாகக் கணக்கிட வேண்டும். அந்த இரண்டு படிக்கும் ஒரே நாளின் விகிதத்தை எடுக்க வேண்டும் என்பதை அவசரத்தில் மறப்பவர்கள் அதிகம். அமைதியான மாதத்தில் அது சில காசுப் பிழை. 2022 மார்ச்சில் அது முப்பது நாற்பது சதவீதம்.

அப்படிப்பட்ட வாரங்களில் மூன்றாவது பத்தியின் சதவீதத்தை நம்பிப் பயனில்லை. அளவுகோலே காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இருக்கும்போது எதை வைத்து அளப்பது? டாலரை மாற்றிய வங்கி அல்லது கடையின் ரசீதுதான் ஒரே ஆதாரம். அதில் தேதியும் விகிதமும் அச்சாகியிருக்கும். சட்டவிரோதச் சந்தையில் மாற்றியவரிடம் அந்த ரசீது இருக்காது. கணக்கர் அந்த இடத்தில் சிக்கிக்கொள்வார்.

கோவைக்கே திரும்புவோம். பொறியாளரின் ரொக்கக் கணக்கை முடிக்க மேடம் கடைசியாகச் செய்வதை உண்மையில் முதலிலேயே செய்திருக்கலாம். ரூபாயைத் தொடாமல் யூரோவை மட்டும் எண்ணுவது. வாங்கியது 500. ரொக்கத்தில் செலவழித்ததாக எழுதிய பில்கள் எல்லாம் கூட்டினால் 376.60. மிச்சம் 123.40 இருக்க வேண்டும். இங்கே இடித்தால் எந்த விகிதத்தை வைத்தும் அதைச் சரிசெய்ய முடியாது. ஒரு பில் விட்டுப்போயிருக்கும், அல்லது கார்டில் கட்டியது ரொக்கம் என்று ஏறியிருக்கும்.

நோட்டுகளாக இருந்த 120 யூரோவை அவர் திரும்பி வந்ததும் கடையில் விற்றார். வாங்கும்போது 92.40 சொன்ன கடை, இப்போது 88.10 கொடுத்தது. 10,572 ரூபாய், அதில் குறைந்தபட்ச மதிப்பான 250 ரூபாய்க்கு ஜிஎஸ்டி 45 போக, கையில் 10,527. அந்த 120 யூரோவின் அடக்கம் 11,107 ரூபாய் 96 காசு. இடையில் போன 580 ரூபாய் 96 காசு பயணச் செலவில் தனி வரியாக ஏற வேண்டும். அதை எழுதாமல் விட்டால் முன்பணக் கணக்கில் பொறியாளர் அந்தத் தொகையைக் கம்பெனிக்குக் கட்டவேண்டியவர் போல நிற்பார்.

மிச்சமிருப்பது 3 யூரோ 40 சென்ட், எல்லாம் சில்லறை. நாணயங்களைக் கடைக்காரர் வாங்குவதில்லை. மேடம் அதை ஒரு கவரில் போட்டு, மேலே "3.40 யூரோ, அடக்கம் ரூ. 314.73" என்று எழுதி, அடுத்து ஜெர்மனி போகிறவருக்காக மேசை இழுப்பறையில் வைக்கிறார்.